மடிப்புக் கோடுகளில் தொடங்கிய கறுப்பு: அம்மாவின் கூறைப்புடவையும் நான் கற்ற ஜரிகைப் பராமரிப்பும்

2016-ஆம் ஆண்டு தை மாதத்தில், அண்ணன் மகளின் திருமணத்துக்கு உடுத்திக்கொள்வதற்காக, அம்மாவின் கூறைப்புடவையைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துப் பிரித்தேன். 1981-இல் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை அது. அரக்கு உடல், கரும்பச்சைக் கரை, இரண்டு கரைகளிலும் முந்தியிலும் கனமான ஜரிகை. அம்மா அதைக் கடைசியாக உடுத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டில் ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை, நிறமும் மங்கவில்லை. ஆனால் கரை நெடுகிலும் ஏணிப்படிகளைப் போலக் குறுக்குக் குறுக்காகக் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பும் கறுப்பும் கலந்த ஒரு திட்டும் இருந்தது. "இவ்வளவு பத்திரமாக வைத்தும் இப்படி ஆகிவிட்டதே" என்று அம்மா சொன்னபோது, அந்தப் பத்திரப்படுத்தலிலேயே காரணம் இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், உடனே எதையும் தேய்க்காமல், புடவையை வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் முழு நீளத்துக்கும் விரித்து, கறுப்பு எங்கெங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்ததுதான். ஐந்தரை மீட்டர் நீளத்தில் பதினைந்து குறுக்குக் கோடுகள் இருந்தன, ஏறத்தாழ 34 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம். புடவையை நான்கு முறை பாதியாக மடித்தால் பதினாறு அடுக்குகளும் பதினைந்து மடிப்புகளும் வரும்; அதாவது ஒவ்வொரு கோடும் ஒரு மடிப்பு. இருபது ஆண்டுகளாக ஒரே மடிப்பில் இருந்த புடவை, தான் எங்கே மடிந்திருந்தது என்பதைக் கறுப்பில் எழுதி வைத்திருந்தது. அடுக்கின் அடிப்பக்கம் செய்தித்தாள் விரிப்பின்மேல் படிந்திருந்த இடத்தில் மட்டும், மடிப்பு இல்லாமலேயே ஒரு சீரான பழுப்பு படர்ந்திருந்தது. புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தோம்; அது கரையைத் தொட்ட இடத்தில் விரல் அகலக் கறுப்புப் பட்டை, கோடு போட்டதுபோல் இருந்தது. முந்தியில் இருந்த திட்டோ, உடுத்தும்போது இடது தோளில் வரும் இடம். ஆக, ஒரே புடவையில் நான்கு வகைக் கறுப்பு, நான்கு வெவ்வேறு காரணங்கள். இன்றும் யாராவது கறுத்த ஜரிகையைக் காட்டினால், எதை வைத்துத் துடைக்கலாம் என்று சொல்வதற்கு முன், கறுப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

இந்த வடிவங்களுக்குப் பொருள் புரிய வேண்டுமானால் ஜரிகை எப்படி ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய காஞ்சிபுரம் புடவைகளில் இருக்கும் அசல் ஜரிகை தங்க நூல் அன்று. சாயமிட்ட பட்டு நூல் ஒன்றின்மேல், தட்டையாக நசுக்கிய மிக மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசுவார்கள். எடையில் பார்த்தால் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. முலாமின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் பொன்னிறம் முழுவதும் அந்த மெல்லிய படலம்தான். தங்கம் கறுப்பதில்லை. ஆனால் அந்தப் படலத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அடியிலிருக்கும் வெள்ளியைத் தொடுகின்றன. வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறி, துளைகளின் வழியே மேலே வந்து பொன்னிறத்தின்மேல் படர்கிறது. முதலில் இளமஞ்சள் மங்கல், பிறகு செம்பழுப்பு, அதன் பின் நீலம் கலந்த சாம்பல், கடைசியில் கறுப்பு என்று அது வளரும். வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் இதே வேதிவினையால்தான். ஆனால் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் ஜரிகையைத் தேய்க்க முடியாது என்பதுதான் இங்கே உள்ள சிக்கல் முழுவதும்.

மடிப்பில் கறுப்பு முதலில் வருவதற்குக் காரணம் இப்போது விளங்கும். நூல் கூர்மையாக வளையும் இடத்தில் சுற்றியிருக்கும் கம்பியின் சுருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. முலாம் விரிசல் விடுகிறது. வெள்ளி வெளியே தெரிகிறது. மேலே இன்னும் பத்துப் புடவைகளின் எடை அழுத்தினால் அந்த வளைவு மேலும் கூர்மையாகிறது. செய்தித்தாளும் ரப்பரும் தந்த கறுப்பு வேறு வகை: ரப்பர் வளையங்களைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான், அந்தக் கந்தகம் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், மலிவான தாளிலிருந்தும் அமிலமும் கந்தகமும் வெளிவரும். தோள் பகுதித் திட்டு வியர்வையாலும் வாசனைத் தெளிப்பாலும் வந்தது. வியர்வையின் உப்பு வெள்ளியைத் தாக்கும். அது காய்ந்து படிந்த பிறகு, ஈரக் காற்றில் மீண்டும் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடரும்.

புடவையைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொண்டேன்: இது என்ன ஜரிகை? கொசுவத்தின் உள்பக்கமாகச் செருகும் ஓரத்தில், ஏற்கெனவே பிரிந்து நின்ற ஒரு நூலை அரை அங்குலம் நறுக்கி எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியின்கீழ் ஊசியால் பிரித்தேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தது. நகத்தால் சுரண்டிய கம்பி வெள்ளையாக மின்னியது. அப்படியானால் அசல் ஜரிகை. சுரண்டிய இடம் செம்பு நிறமாகத் தெரிந்தால் அது செப்புக் கம்பிமேல் வெள்ளிப் பூச்சு கொண்ட ரகம். உள்நூலும் பெரும்பாலும் பருத்தியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கும். அந்த ரகம் வேகமாகக் கறுக்கும், சில நேரம் பச்சையும் பூக்கும், அதன் பொன்னிறம் பெரும்பாலும் வெறும் அரக்குப் பூச்சு என்பதால் எந்தத் துடைப்பையும் தாங்காது. நகத்தால் இழுத்தால் ரிப்பன் போலப் பளபளப்பான தாள் பட்டையாகப் பிரிந்து வந்தால் அது பிளாஸ்டிக் ஜரிகை. அது கறுப்பதில்லை, உரிந்து நிறம் இழக்கும். செப்பு ரகத்தில் கறுப்பை நீக்க முயல்வதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன். இருப்பதைக் காப்பது ஒன்றுதான் அங்கே செய்யக்கூடியது. நூலை நறுக்க மனம் வராதவர்கள், எக்ஸ்-கதிர் கருவியால் ஜரிகையின் உலோகக் கலவையைச் சேதமின்றிச் சோதித்துக்கொள்ளலாம்.

அடுத்த இரண்டு மாதங்கள், எங்கள் வீட்டில் கிழிந்துபோய்க் கிடந்த பாட்டியின் பழைய பட்டுப்புடவை ஒன்றின் கரையில் சோதனை செய்தேன். அதுவும் அசல் ஜரிகைதான், அதுவும் கறுத்ததுதான். அதிலிருந்து நான்கு அங்குல நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டி, அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்ட நான்கு வழிகளையும் ஒவ்வொன்றில் முயன்றேன். அம்மாவின் புடவை இன்று பிழைத்திருப்பது அந்த நான்கு துண்டுகளால்தான் என்பதால் அவற்றைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் துண்டில் பற்பசை. பழைய பல்துலக்கியால் மெதுவாகத்தான் தேய்த்தேன்; ஒரு நிமிடத்தில் கறுப்பு போனது, பளபளப்பும் வந்தது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் நூலின் மேடான பகுதிகள் பொன்னாக இல்லை, வெள்ளையாக இருந்தன. பற்பசையில் இருக்கும் உராய்பொடி கறுப்போடு சேர்த்து முலாமையும் வழித்து எடுத்துவிட்டிருந்தது. பசை நூல்களுக்கு இடையே வெள்ளைத் தூளாக உறைந்து நின்றது. வெறும் வெள்ளி வெளியே வந்துவிட்டதால், அந்தத் துண்டு அடுத்த இரண்டு மாதத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கறுத்தது. விபூதி, சாக்பீஸ் பொடி, சமையல் சோடா என்று தேய்க்கும் எந்தப் பொடிக்கும் இதே முடிவுதான். வெள்ளிப் பாத்திரத்தை விபூதியால் துலக்கிப் பழகிய கை, ஜரிகையிலும் அதையே செய்யத் துடிக்கும். பாத்திரத்தில் கீழே இருப்பதும் வெள்ளிதான், ஜரிகையில் மேலே இருப்பது தங்கம்.

இரண்டாம் துண்டில் எலுமிச்சைச் சாறு; புளித் தண்ணீரும் இதே வகைதான். கறுப்பு ஓரளவு மங்கியது, ஆனால் முழுவதும் போகவில்லை. வெள்ளி சல்பைடு இத்தகைய மெல்லிய அமிலங்களில் எளிதில் கரைவதில்லை. அதற்குள் ஜரிகையின் உள்நூலில் இருந்த சிவப்புச் சாயம் ஊறி வெளியே வந்து, பக்கத்துப் பட்டில் இளஞ்சிவப்பாகப் படிந்தது. காய்ந்த பின் அந்த இடம் மொடமொடவென்று ஆனது.

மூன்றாம் துண்டுக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடா கலந்த சூடான தண்ணீரும். வெள்ளி நகைகளுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி: அலுமினியம் சல்பைடிலிருந்து கந்தகத்தை வாங்கிக்கொண்டு வெள்ளியை மீண்டும் வெள்ளியாக்கிவிடும், தேய்க்க வேண்டியதில்லை. என் துண்டிலும் கறுப்பு வெளுத்தது. ஆனால் வெந்நீரும் காரமும் பட்டுக்குப் பகை. துண்டு காய்ந்தபோது பட்டின் மினுமினுப்பு போய்ப் பருத்தித் துணிபோல் ஆகிவிட்டது, கரையின் சாயம் உடல் பகுதிக்குள் ஓடிவிட்டது. நான்கு அங்குலத் துண்டில் இதைப் பார்த்ததால் எனக்கு இழப்பில்லை. முழுப் புடவையை இப்படி வாளியில் போட்டவர்களின் நிலையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நான்காவது, நகைக்கடைகளில் கிடைக்கும் வெள்ளி துலக்கும் திரவம். நனைத்த சில நொடிகளிலேயே கறுப்பு மறைந்தது, பொன்னிறமும் பெரும்பாலும் நின்றது. நான்கில் இதுதான் வெற்றி என்று நினைத்து அம்மாவிடம் காட்டவும் செய்தேன். மூன்று வாரத்தில் அதே துண்டு மஞ்சளாகத் தொடங்கியது. இத்தகைய திரவங்கள் பெரும்பாலும் அமிலமும் தயோயூரியாவும் கலந்தவை. தயோயூரியாவிலேயே கந்தகம் உண்டு. வழுவழுப்பான நகையிலிருந்து அதை முழுவதும் அலசிவிடலாம். உலோகச் சுருளுக்கு உள்ளே ஒரு பட்டு நூல் உறிஞ்சி வைத்திருப்பதை எத்தனை முறை அலசினாலும் வெளியே எடுக்க முடியாது. எஞ்சிய அமிலம் பட்டை உள்ளிருந்தே அரிக்கும், எஞ்சிய கந்தகம் வெள்ளியை மீண்டும் கறுக்கச் செய்யும்.

அந்த ஆண்டு காஞ்சிபுரம் போனபோது, ஐம்பது ஆண்டுகள் தறியில் இருந்த ஒரு பெரியவரிடம் இந்தத் துண்டுகளைக் காட்டினேன். அவர் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அழுக்கை எடுங்கம்மா, கறுப்பை எடுக்காதீங்க" என்றார். முதலில் இது எனக்கு விளங்கவில்லை. கரையில் கறுப்பாகத் தெரிவதில் ஒரு பகுதி தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய கஞ்சியும் சேர்ந்த அழுக்கு என்றும், அதை நீக்கினாலே பாதிப் பொன்னிறம் திரும்பிவிடும் என்றும், எஞ்சுவது வெள்ளியின் மாற்றம் என்பதால் அதைத் தொட்டால் தங்கமும் போய்விடும் என்றும் அவர் விளக்கினார். அம்மாவின் புடவையில் நான் செய்தது அதை மட்டும்தான்.

முதல் நாள் முழுவதும் உலர் வேலை. புடவையை மேசையில் விரித்து, ஓவியர்கள் பயன்படுத்தும் அகலமான மென்மயிர்த் தூரிகையால், ஜரிகை ஓடும் திசையிலேயே, எடையின்றி, தூசியைத் தட்டி எடுத்தேன். எதிர்த்திசையில் தூரிகை போனால் கம்பிச் சுருளின் ஓரம் கிளம்பிவிடும். ஒருமுறை கிளம்பினால் அந்த நூல் அதன்பின் எதிலும் மாட்டி இழுபடும். பிறகு பலமுறை துவைத்து மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒற்றிய துணியில் சாம்பல் நிறம் படிந்தால் அது அழுக்கு, தொடரலாம்; கரை கறுப்பாக இருந்தும் துணி வெள்ளையாகவே இருந்தால் அங்கே இருப்பது சல்பைடு, நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு அடையாளம் எனக்குப் பெரிதும் உதவியது.

மறுநாள், ஈரம் தாங்குமா என்ற சோதனை. மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, உறிஞ்சுதாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், உள்பக்கம் செருகும் ஓரத்தில் உடலிலும் கரையிலும் தனித்தனியாக வைத்து, மேலே வெள்ளை உறிஞ்சுதாளை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினேன். பச்சைக் கரை தாளில் எதையும் விடவில்லை. அரக்கு உடல் மெல்லிய சிவப்பை விட்டது. எனவே உடலை ஒட்டிய இரண்டு விரற்கடை அகலத்தை ஈரமின்றியே விட்டுவிட முடிவு செய்தேன். சோதனையில் கரையே சாயம் விட்டிருந்தால் உலர் வேலையோடு நிறுத்தியிருப்பேன். எஞ்சிய இடத்தில், காய்ச்சி வடித்த நீரும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து, பஞ்சுக்குச்சியைத் தேய்க்காமல் உருட்டிக்கொண்டே போனேன். ஸ்பிரிட் பிசுக்கைக் கரைக்கும், ஈரம் விரைவில் காயவும் செய்யும். ஸ்பிரிட்டையும் முதலில் ஓரத்தில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். குச்சி சாம்பலானதும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். ஒரு சாண் நீளம் முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டுப் பிறகு அடுத்த சாண். இரண்டு கரைகளுக்கும் முந்திக்கும் சேர்த்து நான்கு பிற்பகல்களும் முந்நூறுக்கு மேற்பட்ட குச்சிகளும் ஆயின.

விளைவை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். செய்தித்தாள் பக்கத்துப் பழுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. முந்தித் திட்டு வெகுவாக மங்கியது. அதில் பெரும்பகுதி உப்பும் பிசுக்கும்தான். மடிப்புக் கோடுகள் சற்றே வெளிறின, போகவில்லை. ரப்பர் பட்டை துளியும் அசையவில்லை. இருந்தும் கரை முழுவதும் ஒரு பழம்பொன் நிறம் திரும்பியிருந்தது. திருமணத்தில் அந்தப் புடவையை உடுத்திக்கொண்டேன், கொசுவத்துக்குள் பாதிக் கோடுகள் மறைந்துவிட்டன. உலர்சலவைக்குக் கொடுத்தால் கறுப்பு போய்விடும் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று: கடையில் பயன்படுத்தும் கரைப்பான் பிசுக்கைத்தான் எடுக்கும், சல்பைடைத் தொடாது. கறுப்பைப் போக்கித் தருகிறோம் என்று ஒரு கடை உறுதி சொன்னால், எதைக் கொண்டு என்று கேட்காமல் புடவையைக் கொடுக்க வேண்டாம். ரோல் பாலிஷ் செய்து தரும் புதுப் பளபளப்பும் பெரும்பாலும் கஞ்சியாலும் அழுத்தத்தாலும் வருவது. நீண்ட நாள் வைக்கப்போகும் புடவைக்கு அந்தக் கஞ்சி தூசியையும் பூச்சியையும் அழைக்கும் என்பதால், உடுத்துவதற்குச் சற்று முன் மட்டும் அதைச் செய்வேன்.

இனி வைக்கும் முறை. மீட்கும் வேலையில் நான்கு பிற்பகல் செலவழித்த பிறகு இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. உடுத்திய புடவையை அன்றிரவே உள்ளே வைப்பதில்லை. நிழலில், மின்விசிறிக் காற்றில், ஓர் இரவு முழுவதும் கொடியில் விட்ட பிறகே மடிக்கிறேன். வெயிலில் போடுவதில்லை, அது சாயத்தையும் பட்டின் வலுவையும் ஒருசேரக் குறைக்கும். வாசனைத் தெளிப்பு, புடவை கட்டுவதற்குக் கால் மணி முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். இஸ்திரி தேவைப்பட்டால் மறுபக்கத்தில், மேலே பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் மட்டுமே.

ஒவ்வொரு புடவைக்கும் தனித்தனியாக வெளுக்காத மல் துணி உறை. புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்பதால் இரண்டு முறை தண்ணீரில் மட்டும் அலசி, நன்கு காயவைத்த பிறகே பயன்படுத்துகிறேன். மணமூட்டி எதுவும் கலப்பதில்லை. பிளாஸ்டிக் உறை கறுப்பை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். சாதாரண பாலிதீன் கந்தகம் எதையும் வெளியிடுவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை, ஈரம் இருந்தால் கறுப்பும் பூஞ்சையும் விரைவாகும். கனமான, வாடை வீசும் பி.வி.சி. உறை அதைவிடக் கெட்டது, ஏனெனில் அது நாளடைவில் அமில ஆவியை வெளிவிடும். புடவையை மடிக்காமல் குழாயில் சுற்றி வைப்பவர்கள் தண்ணீர்க் குழாயை எடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அட்டைக் குழாயின்மேல் பருத்தித் துணியைக் கனமாகச் சுற்றிப் பயன்படுத்தலாம்.

மடிப்புதான் எங்கள் புடவையைக் கெடுத்தது என்பதால் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒருமுறை பாதிபாதியாகவும் மறுமுறை மூன்றில் ஒன்றாகவும் மடிக்கிறேன். அப்போது பழைய கோட்டின்மேல் புதுக் கோடு விழாது. ஐப்பசி முறையை மட்டும், மழை தொடங்குவதற்கு முன் உலர்ந்த ஒரு நாளில் முடித்துவிடுவேன். கனமான கரையுள்ள புடவைகளில், மடிப்பின் உள்ளே விரல் பருமனுக்குச் சுருட்டிய மல் துணியை வைக்கிறேன், வளைவு கூர்மையாகாமல் உருண்டையாக நிற்கும். அவற்றை அடுக்கின் மேலே வைக்கிறேன், அடியில் வைப்பதில்லை. ஓர் அடுக்கில் ஐந்துக்கு மேல் வைப்பதும் இல்லை.

பீரோவிலிருந்து வெளியேறியவை: செய்தித்தாள், ரப்பர் வளையம், நுரைப் பஞ்சு, கம்பளிச் சால்வை. கடைசி ஒன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பட்டைப் போலன்றி, கம்பளியின் இயல்பிலேயே கந்தகம் உண்டு. பக்கத்திலிருக்கும் வெள்ளியை அது கறுக்கச் செய்யும். அந்துருண்டையையும் எடுத்துவிட்டேன். தூய நாப்தலீனில் கந்தகம் இல்லை. ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பதில் கந்தகச் சேர்மம் ஒன்று கலப்பாக உடன்வரும், அதன் ஆவி ஜரிகையின்மேல் படியவும் செய்யும். அதற்குப் பதிலாக, வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் துணி முடிச்சில் கட்டி, புடவையைத் தொடாதபடி தட்டின் மூலையில் வைக்கிறேன். இவை பூச்சிக்குத்தான், கறுப்புக்கு எந்தப் பயனும் இல்லை. ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்; மாதம் ஒருமுறை நிறம் பார்த்து, மாறியிருந்தால் காயவைத்துத் திரும்ப வைக்கிறேன்.

இத்தனை செய்தும் பீரோவுக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வெள்ளி நாணயம் போதும். விபூதியால் நன்றாகத் துலக்கி, கழுவித் துடைத்து, கை படாமல் தாளால் பிடித்து, புடவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். முலாம் இல்லாத வெள்ளி என்பதால் ஜரிகைக்கு முன்பே அது நிறம் மாறும். அருங்காட்சியகங்களில் வெள்ளித் தகடு வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான். முதல்முறை வைத்தபோது எங்கள் நாணயம் இரண்டே மாதத்தில் மஞ்சளித்துவிட்டது. எதனால் என்று ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்துப் பார்த்தபோது, கீழ்த்தட்டில் பழைய காலணிப் பெட்டி ஒன்றுக்குள் ரப்பர் அடி கொண்ட செருப்புகள் இருப்பது தெரிந்தது. அவற்றை அகற்றி, நாணயத்தை மீண்டும் துலக்கி வைத்தேன். சென்ற ஐப்பசியில் மடிப்பு மாற்றியபோது அதற்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள், நடுவில் வெள்ளை. அம்மாவின் புடவையில் பழைய பதினைந்து கோடுகளுக்கு அப்பால் புதிதாக ஒன்றும் விழவில்லை.